வெண்ணெயில் பணியாரம் சுட்ட மகளுக்கு

காரைக்குடி
ஞாயிறு

அன்புள்ள வள்ளிக்கு,

வெண்ணெயில் சுட்டதில் கரும்புள்ளி விழுந்த பணியாரம் என்று நீ அனுப்பிய படத்தை அப்பச்சியிடம் காட்டினேன். "வெள்ளைப் பணியாரமா, மிளகு போட்ட பணியாரமா?" என்று கேட்கிறார். புகை மணி அலறி, பக்கத்து வீட்டார் வந்து கதவைத் தட்டினார்கள் என்று வேறு சொல்கிறாய்!

மாவில் பிழையில்லை. ஆழாக்கு பச்சரிசி, அதன் தலையில் கோபுரமாக உளுந்து, இரண்டு மணி நேர ஊறல், எல்லாம் சரி. பிழை வெண்ணெயில். நூறு கிராம் வெண்ணெயில் 16 கிராம் போலத் தண்ணீர், கூடவே கொஞ்சம் பால் கசடு. 150 டிகிரி செல்சியஸ் பக்கம் போனாலே அந்தக் கசடு கருகிப் புகையும். பணியாரம் உப்பி எழும்ப எண்ணெய் 170, 180 இருக்க வேண்டும். அந்தச் சூட்டுக்கு வருமுன்பே உன் வெண்ணெய் கருகிவிட்டது. நீ பார்த்த கரும்புள்ளி அதுதான்.

வெண்ணெயை உருக்கி அந்தத் தண்ணீரையும் கசடையும் போக்கினால் நெய். அதனால்தான் 250 டிகிரி வரை புகையாமல் தாங்குகிறது. சடசடப்பு அடங்கினால் தண்ணீர் போய்விட்டது. அடியில் கசடு பொன்னிறமானதும் இறக்கி வடிகட்டு. கல்யாணமான புதிதில் அவசரத்தில் சரியாக வடிகட்டாத நெய்யில் சீயம் பொரித்து, வீடு முழுக்கத் தீய்ந்த வாடை. உன் ஆயா ஒன்றும் சொல்லவில்லை, ஜன்னலைத் திறந்து வைத்தார்கள், அவ்வளவுதான்.

அப்படியானால் சட்டி நிறைய நெய் ஊற்றலாமா என்று கேட்பாய். வேண்டாம். அடுப்பில் வெகுநேரம் காய்ந்தால் நெய் மணம் பறந்துவிடும், காசுதான் கரையும். அப்புறம் உன் ஊர்க் குளிரில் பணியாரம் ஆறியதும் நெய் உறைந்து நாக்கில் படலமாக ஒட்டும். ரீபைண்ட் சூரியகாந்தி எண்ணெய் 230 வரை தாங்கும். அதற்கென்று மணம் கிடையாது. வெள்ளைப் பணியாரத்துக்கு அதுதான் தோது, உளுந்து மணம் அப்படியே நிற்கும். மாவுருண்டைக்கு மட்டும் நெய்யைக் குறைக்காதே, அங்கே நெய்தான் ருசி.

வெண்ணெய் மிச்சமிருந்தால் தேன்குழல் மாவில் பிசை. மாவுக்குள் இருந்தால் கருகாது, கரகரப்பும் மணமும் தரும். அளவு மிஞ்சினால் பிழிந்ததும் எண்ணெயில் கரைந்து பிரிந்து போகும், ஜாக்கிரதை.

எண்ணெய் காய்ந்ததா என்று பார்க்க ஒரு சொட்டு மாவு விடு. அடியில் தங்கி மெல்ல வந்தால் இன்னும் காயவில்லை. விட்டவுடனே சிவந்தால் சூடு அதிகம். நுரைத்துக்கொண்டு உடனே மேலே வந்து வெள்ளையாகவே நின்றால் கரண்டியால் ஒவ்வொன்றாக ஊற்று. மெல்லிய நீலப்புகை தெரிந்தால் அடுப்பை அணைத்துவிடு. ஒருமுறை பொரித்த எண்ணெய் முன்னைவிடச் சீக்கிரம் புகையும், அதை வடிகட்டித் தாளிக்க வைத்துக்கொள்.

டாங்கர் சட்னிக்கு மிளகாய் அடுத்த பார்சலில் வருகிறது.

அம்மா