கிரெஷெண்டோ என்றால் சத்தம் இல்லை, தம்பி

தம்பி,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய நோட்ஸ் படமும் கீபோர்டில் வாசித்துப் பதிந்ததும் வந்தன. படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு பதிவை நான்கு தடவை கேட்டேன். முதல் எட்டு பார், அதாவது நோட்ஸில் செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே வரும் முதல் எட்டுக் கட்டம், நன்றாகவே போகிறது. ஒன்பதாவது பாரில் 'கிரெஷ்.' என்று சாய்வெழுத்தில் போட்டிருக்கும் இடம் வந்ததும் சட்டென்று சத்தமாகிவிடுகிறாய், அப்புறம் நான்கு பாரும் அதே சத்தம்தான், போதாததற்கு வேகமும் ஏறிக்கொண்டே போய் பன்னிரண்டாவது பாரில் விரல் தடுக்குகிறது. கீழே நீ "கிரெஷெண்டோ என்றால் சத்தமாக வாசி, சரிதானேம்மா?" என்று கேட்டிருக்கிறாய். சரி இல்லை, அதனால்தான் போனில் சொல்லாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சத்தமாக வாசி என்பதற்கு வேறு சொல் இருக்கிறது, ஃபோர்தே. மெதுவாக, அதாவது சன்னமாக வாசி என்பதற்குப் பியானோ. கிரெஷெண்டோ இந்த இரண்டோடும் சேராது, அது வேறு குடும்பம். இத்தாலிய மொழியில் 'கிரெஷெரே' என்றால் வளர்வது. அதன் கடைசியில் 'எண்டோ' சேர்ந்தால் நம் 'கொண்டே' மாதிரி. கிரெஷெண்டோ, வளர்ந்துகொண்டே. டிமினுவெண்டோ, குறைந்துகொண்டே. ரிதார்தாண்டோ, தாமதித்துக்கொண்டே. அச்செலராண்டோ, வேகமெடுத்துக்கொண்டே. நோட்ஸில் 'எண்டோ', 'ஆண்டோ' என்று முடிகிற சொல்லைப் பார்த்தால் மனதில் ஒரு 'கொண்டே' போட்டுப் படி, பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். பக்கத்தில் 'பொக்கோ ஆ பொக்கோ' என்றும் போட்டிருந்தால் அது நம் 'கொஞ்சம் கொஞ்சமாக' என்பதேதான், அவர்களும் நம்மைப் போல இரட்டித்துத்தான் சொல்கிறார்கள்.

ஆகவே 'கிரெஷ்.' என்ற எழுத்து நிற்கிற அந்த இடத்தில்தான் நீ ரொம்பச் சன்னமாக இருக்க வேண்டும். அங்கேயே உச்சிக்குப் போய்விட்டால் வளர இடம் ஏது?

சின்ன வயதில் நாங்கள் பினாங்கில் டத்தோ கிராமாட் சாலைப் பக்கம் பாட்டி வீட்டில் இருந்தோம். தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் தண்ணீர்மலைக்குப் போகும்போது, ரதம் கண்ணுக்குத் தெரிவதற்கு ரொம்ப முன்னாலேயே நாதஸ்வரமும் தவிலும் எங்கோ தூரத்தில் கேட்க ஆரம்பிக்கும். முதலில் அது தவில்தானா என்றே சந்தேகமாக இருக்கும். ரதம் நெருங்க நெருங்கச் சத்தம் வளரும், வீட்டு வாசலுக்கு வந்ததும் நெஞ்சுக்குள்ளேயே அடிக்கும். ஆனால் தாளம் முதலில் கேட்ட அதே நடைதான், கிட்டே வந்துவிட்டதே என்று தவில்காரர் வேகத்தைக் கூட்டமாட்டார். கிரெஷெண்டோ என்றதும் எனக்கு இன்றைக்கும் நினைவுக்கு வருவது அந்த வாசல்தான்.

இப்போது உன் படத்துக்கு வா. ஒன்பதாவது பாரின் அடியில் பியானோவுக்கான 'பி', பக்கத்தில் 'கிரெஷ்.', அதிலிருந்து சின்னச் சின்னக் கோடாக ஒரு வரிசை. அந்தக் கோடு எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரம் வளரச் சொல்கிறார்கள். உனக்கு அது பன்னிரண்டாவது பார் முடிய ஓடுகிறது, பதின்மூன்றாவது பாரின் முதல் எண்ணிக்கையில் ஃபோர்தேவுக்கான 'எஃப்' வருகிறது. பாருக்கு நான்கு எண்ணிக்கை, ஆக மொத்தம் பதினாறு. பதினாறையும் நீ சரிசமமாகப் பிரிக்க வேண்டியதில்லை. ஒன்பதாவது பார் முழுவதும் கிட்டத்தட்ட 'பி' அளவிலேயே இருக்கட்டும். பத்தில் மெட்ஸோ பியானோ. மெட்ஸோ என்றால் பாதி, அதாவது அரைச் சன்னம். பதினொன்றில் மெட்ஸோ ஃபோர்தே, பன்னிரண்டில் அதற்கும் கொஞ்சம் மேலே, பதின்மூன்றின் முதல் நோட்டில்தான் முழு ஃபோர்தே. நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது பின்னாலிருந்து தொடங்கச் சொல்வேன். முதலில் பதின்மூன்றாவது பாரை மட்டும் நல்ல ஃபோர்தேயில் வாசி, அதுதான் கூரை. உடனே ஒன்பதை மட்டும் 'பி'யில் வாசி, அது தரை. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு உயரம் இருக்கிறது என்று காது பிடித்துக்கொண்ட பிறகு நான்கு பாரையும் சேர். இடது கையை ஒரு வாரம் சன்னமாகவே வைத்துக்கொண்டு வலது கையை மட்டும் வளரவிடு, இல்லாவிட்டால் இடது கையில் சேர்ந்து ஒலிக்கும் நோட்டுகள் மெலடியை மூடிவிடும்.

வேகம் ஏறுவதற்கும் காரணம் இருக்கிறது. உன் கீபோர்டில் ஒவ்வொரு கட்டைக்கும் கீழே இரண்டு தொடுமுனைகள் உண்டு, முதலாவதைத் தொட்டு இரண்டாவதைத் தொட எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்த்துத்தான் சத்தத்தைத் தீர்மானிக்கிறது. கட்டை வேகமாக இறங்கினால் சத்தம், மெல்ல இறங்கினால் சன்னம். அடிவரை போன பிறகு அழுத்திக்கொண்டே இருப்பதால் ஒன்றும் கூடாது, கை வலிதான் மிச்சம். நிஜப் பியானோவிலும் அப்படித்தான், சுத்தியல் கம்பியில் எந்த வேகத்தில் போய் மோதுகிறது என்பதே கணக்கு. ஆகச் சத்தம் வளர வேண்டுமென்றால் விரல் வேகமாக இறங்க வேண்டும், ஆனால் ஒரு நோட்டுக்கும் அடுத்த நோட்டுக்கும் உள்ள இடைவெளி மாறவே கூடாது. புதிதாகப் படிக்கிறவர்களுக்கு இந்த இரண்டும் கலந்துவிடும், விரல் வேகமெடுத்ததும் தாளமும் கூடவே ஓடும். போனில் தாளத்துக்குக் கிளிக் அடிக்கும் மெட்ரோனோமை 80-இல், அதாவது நிமிடத்துக்கு எண்பது கிளிக் என்று வைத்து ஒன்பதிலிருந்து பதின்மூன்று வரை வாசித்துப் பார். பன்னிரண்டில் நீ கிளிக்குக்கு முன்னால் போய்விடுகிறாய் என்பது உனக்கே கேட்கும்.

இந்த வாத்தியத்துக்கே பேர் வந்தது இதனால்தான் தெரியுமா? 1700 வாக்கில் ஃப்ளோரன்ஸில் கிறிஸ்டோஃபோரி என்பவர் இதைச் செய்தபோது, இருந்த ஹார்ப்சிகார்டு கம்பியைச் சுண்டுகிற வகை, எப்படி அமுக்கினாலும் சத்தம் பெரிதாக மாறாது. இவர் சுத்தியல் வைத்தார். சன்னமும் சத்தமும் விரலாலேயே வந்தது, அதனால் பியானோ எ ஃபோர்தே என்று சேர்த்துச் சொன்னார்கள். பிறகு பியானோஃபோர்தே ஆகி, இன்றைக்குப் பாதிதான் மிச்சம்.

மேலே 'அல்லெக்ரோ' என்று போட்டிருப்பதைப் பார்த்துத்தான் நீ 120-இல் ஓட்டப் பார்த்திருக்கிறாய் என்று நினைக்கிறேன். மெட்ரோனோமில் அல்லெக்ரோவுக்குப் பக்கத்தில் 120-க்கு மேல் எண் போட்டிருப்பார்கள், அது உண்மை. ஆனால் மெல்ட்செல் என்பவர் 1815-இல் மெட்ரோனோமுக்குக் காப்புரிமை வாங்குவதற்கு ரொம்பக் காலம் முன்பே இந்தச் சொல் நோட்ஸில் இருக்கிறது. இத்தாலியில் அல்லெக்ரோ என்றால் உற்சாகமான, குதூகலமான என்று பொருள், ஓர் ஆளையே அப்படிச் சொல்லலாம். அதனால் இப்போதைக்கு 80 போதும், அந்த 80-லேயே நோட்டுகளை இழுத்துப் பிடிக்காமல், ஒவ்வொரு எண்ணிக்கையிலும் குத்தாமல், பாரின் முதல் எண்ணிக்கையில் மட்டும் லேசாகச் சாய்ந்து வாசி. நடை துள்ளும். தடுக்காமல் மூன்று நாள் தொடர்ந்து வந்தால் 84, அப்புறம் 88.

அடுத்த தடவை பதியும்போது போனைக் கீபோர்டு மேலேயே வைக்காதே, நாலடி தள்ளி வை. கிட்டே இருந்தால் சில போன்கள் தானாகவே சத்தத்தைச் சமன்செய்துவிடும், நீ வளர்த்தது எனக்குக் கேட்காது. ஒன்பதிலிருந்து பதின்மூன்று வரை மட்டும் போதும், ஞாயிறு பசாருக்குப் போய்விட்டுப் பத்து மணிக்குள் வந்துவிடுவேன், அதற்கப்புறம் அனுப்பு. கடைசி வரியில் 'ரித்.' என்று ஒன்று இருக்கிறது, அதை இப்போது தொடாதே, ஆனால் அதற்கும் 'கொண்டே' போட்டுப் படித்து வை.

அம்மா
பட்டர்வொர்த்