பிரிக்கச் சொன்னீர்கள், தேர்ந்தெடுக்கச் சொல்லவில்லை

வணிகர் சங்கப் பயிற்சிக் குழுவினருக்கு,

வணக்கம். பட்டர்வொர்த்தில் நீங்கள் நடத்திய மார்க்கெட்டிங் விரிவுரையைப் பற்றியே எழுதுகிறேன். பேச்சாளர் காட்டிய உதாரணம் ஜெனரல் மோட்டார்ஸ். 1920களில் அந்த நிறுவனம் கார் வாங்குவோரை வசதிப்படி பிரித்து, அடியில் செவர்லே, நடுவில் பியூக், உச்சியில் காடிலாக் என்று ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு வண்டி விற்றது. உண்மைதான். ஆனால் எல்லாப் பிரிவையும் எடுத்துக்கொள்ள அதற்கு வசதி இருந்தது. அதனால் பிரிப்பதும் தேர்ந்தெடுப்பதும் ஒரே வேலை போலத் தெரிந்துவிட்டது. வாங்குவோரைப் பிரிக்கும் செக்மெண்டேஷன் வேறு, அதில் யாருக்கு விற்பது என்று தேர்ந்தெடுக்கும் டார்கெட்டிங் வேறு என்று அன்று யாரும் சொல்லவில்லை.

அதன் பலனை எங்கள் பக்கத்து வீட்டு அக்கா அனுபவித்தார். பிறையில் வீட்டிலேயே முறுக்கு சுட்டு விற்பவர். தீபாவளிக்கு வாங்குவோரை அவர் சரியாகவே மூன்றாகப் பிரித்தார்: வீட்டுக்கு வாங்கும் குடும்பங்கள், ஊழியர்களுக்குப் பரிசு தரும் அலுவலகங்கள், கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்பும் பெற்றோர். பிறகு மூவருக்கும் தனித்தனி டப்பா, தனித்தனி லேபிள் அடித்தார். பாதி டப்பா இன்னும் அவர் வீட்டுக் கூடத்தில் அடுக்கிக் கிடக்கிறது.

அடுத்த படியை யாராவது சொல்லியிருந்தால், அவர் தன் அடுப்பைப் பார்த்திருப்பார். ஒரு நாளைக்கு 12 கிலோதான் சுட முடியும். குடும்பங்கள் கடைசி வாரத்தில் மொத்தமாக வருவார்கள். ஏழு நாளுக்கு 84 கிலோ, அதற்கு மேல் கை ஓடாது. அலுவலகங்கள் நிறைய கேட்கும், ஆனால் பணம் ஒரு மாதம் கழித்துத்தான் வரும். மாவுக்கும் எண்ணெய்க்கும் அதுவரை யார் கொடுப்பது? முஸ்லிம் ஊழியர்களும் சாப்பிடுவார்கள் என்பதால் ஹலால் சான்றிதழும் கேட்கக்கூடும். பெற்றோர்களோ முன்கூட்டியே சொல்லிவைப்பார்கள், கையோடு காசும் தருவார்கள். முறுக்கு உடையாமல் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். அவருடைய இலக்கு அவர்கள்தான்.

இயந்திரமும் கைமுதலும் உள்ள இன்னொருவர் இதே மூன்று பிரிவையும் பார்த்துவிட்டு அலுவலகங்களை எடுப்பார். அதுவும் சரியே. பிரிவு, வாங்குவோரைப் பார்த்து வருவது. தேர்வு, விற்பவரின் கையிருப்பையும் போட்டியையும் பார்த்து வருவது. இந்த ஒன்றைச் சொல்ல ஐந்து நிமிடம் போதாதா?

சங்கக் கட்டணத்தை ஆண்டு தவறாமல் கட்டுகிறவர்கள் நாங்கள். பெரிய நிறுவனக் கதைகளைக் கேட்டுக் கைதட்டிவிட்டுப் போக வரவில்லை. எதை விட்டுவிடலாம் என்று சொல்லாத பாடம், சிறு வியாபாரியின் முதலைத்தான் தின்கிறது.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்தருள வேண்டும். கேட்பது ஒன்றுதான்: அடுத்த வகுப்பில் இரண்டையும் தனித்தனியாகக் கற்றுக்கொடுங்கள். இரண்டாம் படியை எங்களில் ஒருவரின் கணக்கை வைத்தே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். தீபாவளிக்கு டப்பா வாங்குவதற்கு முன் அந்த வகுப்பு நடந்தால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
சங்க உறுப்பினர், பட்டர்வொர்த்