அவசர ஓடர்: நாளை காலை முதல் எடுக்கும் ஒழுங்கு

ஸ்டோர்ஸ் தம்பி தங்கச்சிமாருக்கும் விற்பனைப் பக்கத்தாருக்கும் வணக்கம்.

நேற்று பொத்துவில் ஓடர் 10.30 லொறியைத் தவறவிட்டது. அந்தக் கடைக்காரர் இனி வியாழன் வரை காத்திருக்க வேண்டும். எனக்கு மனசே சரியில்லை. காரணத்தைப் பார்த்தேன். 32 வரி உள்ள அந்த ஓடரைப் பாதி எடுத்த நிலையில் விட்டுவிட்டு, சிவப்புத் துண்டு ஒட்டிய இரண்டு டவுன் ஓடர்களுக்குப் போயிருக்கிறோம். அவை போகும் ஓட்டோவோ பிற்பகல் 2 மணிக்குத்தான் புறப்பட்டது.

ஆகவே இனி சிவப்புத் துண்டைப் பார்க்க முதல் வண்டி நேரத்தைப் பாருங்கள். பொத்துவில் ஓடரை எடுக்க 50 நிமிடம், சரிபார்த்துக் கட்ட 20, ஏற்ற 10. மொத்தம் 80 நிமிடம். அப்படியென்றால் 9.10க்குள் தொடங்கியே ஆக வேண்டும். இந்தக் கடைசித் தொடக்க நேரத்தை ஒவ்வொரு ஓடர் துண்டின் மேல் மூலையிலும் எழுதுங்கள். எது முந்தியதோ அதுதான் முதலில். ஒரே நேரம் வந்தால் மட்டும் அவசரம் முந்தட்டும்.

தொடங்கிய ஓடரை இடையில் விட வேண்டாம். பாதி நிரம்பிய தள்ளுவண்டியில்தான் சாமான் மாறுகிறது. இன்னொரு ஓடருக்கென்று ஒதுக்கிய சரக்கை அவசரத்துக்கு எடுப்பதானால் என்னிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.

விற்பனைத் தம்பிமார், ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு சிவப்புத் துண்டுதான். எல்லாவற்றிலும் ஒட்டினால் எதுவும் அவசரமில்லை என்றாகிவிடும். அப்புறம், நேற்றிலிருந்து தேங்கிய ஓடர் துண்டுகளைக் காலையில் முதலில் என்னிடம் தாருங்கள்.