ரேங்க் கார்டை அல்ல, விடைத்தாளைக் கேளுங்கள்: பத்தாம் வகுப்புப் பெற்றோருக்கு ஒரு மடல்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். உங்கள் பிள்ளைகளின் வகுப்பாசிரியை, கணக்கு டீச்சர் எழுதுகிறேன். சனிக்கிழமை கூட்டத்துக்குப் பாதிப் பேரால்தான் வர முடிந்தது. வேலைநாள், ஒருநாள் கூலி போய்விடும் என்பது எனக்குத் தெரியும். அதனால் அன்று தொடக்கத்தில் நான் பேசியதை வராதவர்களுக்கும் சேர்த்து எழுத்தில் தருகிறேன்.

அரையாண்டுத் தேர்வில் கணக்கில்தான் அதிகம் பேர் 35-க்குக் கீழே போயிருக்கிறார்கள். ரேங்க் கார்டைப் பார்த்ததும் பல வீடுகளில் அன்று இரவு சாப்பாடே இறங்கவில்லை என்று பிள்ளைகள் சொன்னார்கள். ஒரு அம்மா கூட்டத்திலேயே எழுந்து, "டீச்சர், இவன் பாஸ் ஆவானா, அதை மட்டும் சொல்லுங்க" என்று கேட்டார். மகனுக்கு 31. அவரும் மகனும் சம்மதித்ததால் அந்த விடைத்தாளை வைத்தே பதில் சொன்னேன். பெயர் வேண்டாம்.

முதலில் வினாத்தாள் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். பொதுத்தேர்வு மாதிரியேதான் அரையாண்டுக்கும் வைத்தோம். ஒரு மதிப்பெண் வினா 14. அடுத்து இரண்டு மதிப்பெண் வினா 14 இருக்கும், அதில் 10 எழுத வேண்டும். ஐந்து மதிப்பெண்ணும் அப்படித்தான், 14-இல் 10. இந்த இரண்டு பகுதியிலும் கடைசி வினா கட்டாயம். முடிவில் எட்டு மதிப்பெண் வினா இரண்டு: ஒன்று வடிவியல் படம், இன்னொன்று வரைபடம். மொத்தம் 100. மூன்று மணி நேரம், அதற்கு முன் வினாத்தாளை வாசிக்க 15 நிமிடம்.

அந்தப் பையனின் 31 எங்கிருந்து வந்தது? ஒரு மதிப்பெண்ணில் 8. இரண்டு மதிப்பெண் வினாக்களில் ஏழு எழுதி 9 வாங்கினான். ஐந்து மதிப்பெண்ணில் மூன்றே மூன்று எழுதி 8. எட்டு மதிப்பெண் இரண்டும் சேர்த்து 6. இதில் என்னை உறுத்தியது ஐந்து மதிப்பெண் பகுதிதான். 50 மதிப்பெண் அங்கே இருக்கிறது, ஏழு வினாக்களை அவன் தொடவே இல்லை. தெரியாமல் விட்டானா என்று உட்கார வைத்துக் கேட்டேன். அதில் நான்கை என் முன்னாலேயே போட்டுக் காட்டினான். அப்புறம் ஏன் எழுதவில்லை? வரிசைப்படி எழுதிக்கொண்டே வந்திருக்கிறான். இரண்டு மதிப்பெண் பகுதியில் வராத கணக்குகளை அடித்து அடித்துத் திரும்ப எழுதியதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. படமும் வரைபடமும் கடைசிப் பத்து நிமிடத்தில், நடுங்கும் கையோடு.

அந்த இரண்டையும் பாருங்கள். 6 செ.மீ விட்டமுள்ள வட்டம் வரைந்து, மையத்திலிருந்து 8 செ.மீ தள்ளியுள்ள புள்ளியிலிருந்து தொடுகோடுகள் வரையச் சொல்லியிருந்தோம். விட்டம் 6 என்றால் ஆரம் 3. இவன் காம்பஸை 6 செ.மீ விரித்து வட்டம் போட்டுவிட்டான். மற்றபடி மையக்குத்துக்கோடு, தொடுகோடு எல்லாம் முறையாக வந்திருக்கிறது. தொடுகோட்டின் நீளம் சுமார் 7.4 செ.மீ வர வேண்டிய இடத்தில் 5.3 வந்தது. ஒரு சொல்லைக் கவனிக்காததால் வந்த வினை. முதலில் கையால் ஒரு உதவிப்படம் போட்டு அதில் அளவுகளைக் குறித்திருந்தால் அங்கேயே பிடித்திருப்பான். உதவிப்படம் போடாமலே நேராக வரைந்திருக்கிறான்.

வரைபடத்தில் x² + x − 12. x-க்கு −3 போட்டால் −3-இன் வர்க்கம் 9, ஆக விடை −6. இவன் வர்க்கத்தை −9 என்று எடுத்து −24 எழுதியிருக்கிறான். எல்லாக் குறை எண்களுக்கும் இதே பிழை. வளைவு இடது பக்கம் மேலே ஏற வேண்டியது, கீழே இறங்கிக்கொண்டே போய்விட்டது. கிண்ணம் மாதிரி வராவிட்டால் அட்டவணையில் தப்பு என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். திரும்பிப் பார்க்க அவனுக்கு நேரம் இல்லை.

ஆக, இந்த 31-இல் தெரியாதது கொஞ்சம், நேரம் போனது நிறைய, கவனம் தப்பியது கொஞ்சம். மூன்றுக்கும் மருந்து வேறு. அந்த அம்மாவிடம் பாஸ் ஆவான் என்று சொன்னேன். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அவன் போட்டுக் காட்டிய நான்கு கணக்கே 20 மதிப்பெண். அதில் பாதி கிடைத்தாலும் 40 தாண்டுகிறது. முதல் திருப்புதல் தேர்வில் அவனிடம் நான் எதிர்பார்ப்பது 45. மார்ச்சுக்குள் 90 என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன், நீங்களும் அவனிடம் கேட்காதீர்கள்.

பொங்கல் விடுமுறை முடிந்ததும் எல்லோருடைய விடைத்தாளையும் வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறேன். ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட்டது போதும், இனி விடைத்தாளில் போடுங்கள். "எனக்குக் கணக்கு தெரியாதே" என்று ஒரு அப்பா சொன்னார். தெரிய வேண்டியதில்லை. வினாத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்த எண்ணுள்ள வினாக்களை எழுதவே இல்லை என்று மட்டும் எண்ணுங்கள். ஒவ்வொன்றையும் காட்டி, "தெரியலையா, நேரம் இல்லையா?" என்று கேளுங்கள். திட்டாமல் கேட்டால் பிள்ளை உண்மையைச் சொல்லும். பதிலை வினாத்தாளிலேயே ஓரத்தில் எழுதச் சொல்லி எனக்குத் திருப்பி அனுப்புங்கள். நேரம் என்று எழுதியவர்களுக்கு மாலையில் கடிகாரம் வைத்துத் தேர்வு எழுதும் பழக்கம் தருவேன். படத்தையும் வரைபடத்தையும் முதல் ஒரு மணி நேரத்துக்குள் முடிப்பது அதில் முக்கியம். தெரியவில்லை என்று எழுதியவர்களுக்கு எட்டுப் பாடத்தையும் மறுபடி நடத்தப் போவதில்லை. அவர்களுக்குக் கைக்கு வரக்கூடிய இரண்டு மூன்று பாடங்களிலிருந்து தொடங்குவோம்.

இப்போது போய்ப் புது டியூஷனில் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. ஜனவரியில் முதல் பாடத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். பிள்ளை இரவு ஒன்பதுக்கு வீடு வந்து, காலையில் என் வகுப்பில் தூங்கும்.

அறிவியல் மதிப்பெண்ணைப் பார்த்துப் பயந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. கார்டில் இருப்பது 75-க்கு. செய்முறைக்கு 25 தனியாக உண்டு. பொதுத்தேர்வில் எழுத்துத் தேர்வில் குறைந்தது 20, செய்முறையில் 15, மொத்தம் 35 வந்தால் தேர்ச்சி. 26 வாங்கிய பிள்ளையை ஃபெயில் என்று வீட்டில் அடித்திருக்கிறார்கள். தயவுசெய்து இனி அடிக்காதீர்கள். கார்டில் இதைத் தெளிவாக எழுதாதது எங்கள் தவறு, அடுத்த தடவை எழுதித் தருகிறோம்.

திருப்புதல் தேர்வு விடைத்தாள் கொடுக்கும் வாரம் முழுக்க மாலை 6.30 வரை பள்ளியில் இருப்பேன். வேலை முடிந்து அப்படியே வாருங்கள். வரும்போது பிள்ளையையும் அழைத்து வாருங்கள்.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு ஆசிரியை