கணக்கை முடிக்கச் சொல்லாதீர்கள், கர்த்தாவை மாற்றித் தாருங்கள்

மதிப்பிற்குரிய வங்கித் தலைமை அலுவலக அதிகாரிகளுக்கு,

வணக்கம். அப்பா காலமானதும், அவர் கர்த்தாவாக, அதாவது குடும்பத்தை நிர்வகிப்பவராக இருந்த எங்கள் இந்துக் கூட்டுக் குடும்பத்தின் எச்.யூ.எஃப். கணக்கை உங்கள் கிளை முடக்கிவிட்டது. கேட்டால், இறந்தவர் கணக்குக்கான படிவத்தை நீட்டுகிறார்கள். அதில் 'இறந்தவரின் பான் எண்' என்று ஒரு கட்டம். இந்தக் கணக்கில் பதிந்திருக்கும் பான் எண்ணின் நான்காவது எழுத்து H. அது குடும்பத்தின் எண். அப்பாவின் சொந்த எண்ணில் அதே இடத்தில் P இருக்கும். நாங்கள் எதை எழுதுவது? அடுத்த கட்டம் நாமினி. எச்.யூ.எஃப். கணக்குக்கு நாமினியே கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும்.

கர்த்தா போனாலும் குடும்பம் தொடர்கிறது, பான் எண்ணும் அதேதான். இறப்புச் சான்றிதழ், எல்லா உறுப்பினர்களும் கையெழுத்திட்ட அறிவிப்பு, புதிய கர்த்தாவின் கேஒய்சி எல்லாம் கொடுத்துவிட்டோம். கர்த்தாவின் பெயரை மாற்றித் தாருங்கள், அவ்வளவுதான் கேட்கிறோம்.

கிளையோ, வாரிசுச் சான்றிதழ் வாங்கி வந்து பணத்தைப் பிரித்துக்கொண்டு கணக்கை முடித்துவிடச் சொல்கிறது. வருமான வரிச் சட்டம் பாகப்பிரிவினை பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் பாருங்கள். முழுப் பாகப்பிரிவினை நடந்துவிட்டதென்று வரி அதிகாரி விசாரித்து ஆணையிடும்வரை குடும்பம் பிரியாததாகவே கொள்ளப்படும். 31.12.1978க்குப் பின் நடந்த பகுதிப் பிரிவினையை அந்தச் சட்டம் ஏற்பதே இல்லை. எங்கள் குடும்பத்துக்கு வாடகைக்கு விட்ட கடை ஒன்றும் இருக்கிறது. கடையை விட்டுப் பணத்தை மட்டும் பிரித்தால் அது பகுதிப் பிரிவினைதான். வரி அலுவலகத்தில் குடும்பம் இருக்கும், வங்கியில் அதற்குக் கணக்கு இருக்காது. அப்பாவின் பங்கு வாரிசுகளுக்குச் சேருவது தனி விஷயம். அதை நாங்கள் முறைப்படி பார்த்துக்கொள்கிறோம். அதற்காகக் குடும்பக் கணக்கையே மூட வேண்டியதில்லை.

இதற்கிடையே வாடகைக் காசோலைகள் எங்கள் மேஜை இழுப்பறையில் கிடக்கின்றன. குடும்பத்தின் பெயரில் எழுதியவை என்பதால் வேறு கணக்கில் போட முடியாது. மூன்று மாதம் கடந்தால் அவை செல்லாது. ஒவ்வொரு முறையும் கடைக்காரரிடம் போய் வேறு காசோலை எழுதித் தரச் சொல்லி நிற்பது அம்மாதான். கடையின் சொத்து வரியைத் தம்பி தன் சம்பளத்திலிருந்து கட்டினான். குடும்பத்தின் பணம் குடும்பத்தின் கணக்கிலேயே இருக்கிறது, தொட முடியவில்லை.

"ஆண் பிள்ளை இருக்கும்போது நீங்கள் எப்படிக் கர்த்தா?" என்றும் கிளையில் கேட்டார்கள். மூத்தவள் நான். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005ஆம் ஆண்டுத் திருத்தம் மகளுக்கும் மகனுக்குரிய உரிமையைத் தந்தது. அது பிறப்பாலேயே வருவதென்று 2020இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மூத்த மகள் கர்த்தா ஆகலாம் என்று 2015இலேயே டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. என் தம்பியே சம்மதித்துக் கையெழுத்திட்ட பிறகும் கவுன்டரில் இந்தக் கேள்வி வருகிறதென்றால், உங்கள் சுற்றறிக்கைகள் கிளைகளுக்குப் போகின்றனவா, போனால் யாராவது படிக்கிறார்களா?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் கணக்கில் கர்த்தாவின் பெயரை மாற்றித் தரும்படி கிளைக்கு எழுத்தில் உத்தரவிடுங்கள். எச்.யூ.எஃப். கணக்குகளுக்கு இறந்தவர் கணக்குப் படிவத்தை நீட்டக் கூடாதென்று எல்லாக் கிளைகளுக்கும் தெரிவிக்கவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்