திட்டத்தில் இல்லாத செலவு: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய மாத பட்ஜெட்டைப் பார்த்தேன். வாடகை, மளிகை, பெட்ரோல், ஆர்.டி. என எல்லாம் சரியாகவே இருக்கிறது. இருந்தும் இருபதாம் தேதிக்கு மேல் பணம் போதவில்லை என்கிறாய். நம் நினைவுக்கு வரும் செலவுகளைத்தான் பட்ஜெட்டில் எழுதுகிறோம் என்பதால், நினைவில் நிற்காத செலவை அது எந்தக் காலத்திலும் காட்டாது. எனவே ஒரு மாதம் எதையும் குறைக்காமல், செலவாகும் ஒவ்வொரு ரூபாயையும் அந்தந்த நேரத்திலேயே எழுதி வா.

என் தோழி வீட்டில் மளிகைக்கு ஒதுக்கியது 8,000 ரூபாய், ஆனது 9,100. விலைவாசி ஏறிவிட்டது என்றுதான் அவர்கள் நினைத்திருந்தார்கள். ஒரு மாதம் எழுதிப் பார்த்தபோது, கடையில் வாங்கிய மாதச் சாமான் 6,300 ரூபாய்தான் என்பதும், மீதி 2,800 ரூபாய் செயலி வழியாகப் பதினான்கு தடவையாகப் போயிருந்தது என்பதும் தெரிந்தது. கொத்தமல்லியும் பாலும் வாங்கத்தான் செயலியைத் திறந்திருக்கிறார்கள். டெலிவரி கட்டணத்தைத் தவிர்ப்பதற்காகச் சிப்ஸும் பிஸ்கட்டும் சேர்த்து வாங்கியிருக்கிறார்கள். அந்த 2,800 ரூபாயில் உண்மையில் தேவைப்பட்ட பொருள்களின் விலை ஆயிரத்தைத் தாண்டவில்லை. இந்தப் பணக் கசிவு, மளிகை என்ற நியாயமான தலைப்புக்குள்ளேயே இருந்ததால், தலைப்பின் மொத்தத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு அது தெரியவே இல்லை.

ஜிபே பட்டியல் இருக்கும்போது தனியாக எதற்கு எழுத வேண்டும் என்று நீ கேட்கலாம். யாருக்கு, எவ்வளவு என்பதை அது சொல்லும்; எதற்காக என்பதைச் சொல்லாது. ஆகவே தொகையோடு பொருளின் பெயரையும் எழுது. ஒரே பில்லில் தேவையானதும் தேவையில்லாததும் கலந்திருந்தால் இரண்டு வரியாகப் பிரித்து எழுது. ஆட்டோபே மூலம் தானாகக் கழியும் சந்தாக்களையும் விட்டுவிடாதே. பணம் எடுக்கப்படுவதற்கு முன்பே குறுஞ்செய்தி வந்தாலும், அதை யாரும் நின்று படிப்பதில்லை.

எழுதுகிறோம் என்ற உணர்வே கையைக் கட்டிப்போடும் என்பதால், முதல் வாரக் கணக்கை முழுதாக நம்பாதே. மாதக் கடைசியில் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும்: முதல் தேதியன்று வங்கியிலும் கையிலும் இருந்த பணத்தோடு அந்த மாத வரவைக் கூட்டி, கடைசி நாள் இருப்பையும் ஆர்.டி.க்குப் போனதையும் கழித்தால் வருவதுதான் உண்மையான செலவு. நீ எழுதிய மொத்தம் அதைவிடக் குறைவாக இருந்தால், அந்த வித்தியாசம் எழுதாமல் விட்ட செலவு. பெரும்பாலும் அது ரொக்கமாகக் கொடுத்த டீக்காசும் ஆட்டோக்காசுமாகத்தான் இருக்கும்.

வண்டி இன்சூரன்ஸ், பள்ளிக் கட்டணம், தீபாவளி போன்றவை ஒரு மாதக் கணக்கில் அகப்படாது. அவற்றின் ஆண்டுத் தொகையைப் பன்னிரண்டால் வகுத்துத் தனியே சேர்த்துக்கொள். மாதம் முடிந்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு வா, பழைய பட்ஜெட்டைப் பக்கத்தில் வைத்து இருவரும் புதிதாக எழுதுவோம்.

அன்புடன்,
அக்கா