அரிசி தின்றால் மழை வருமா?

ஆசிரியருக்கு,

முறத்தில் புடைக்கும்போதே பச்சரிசியை அள்ளி வாயில் போட்டுக்கொள்ளும் பெண்களை எங்கள் பக்கம் பார்க்கலாம். கல்யாணத்தன்று மழை வரும் என்று கேலி செய்வதோடு சரி. அரிசி, சாக்பீஸ், ஐஸ் என்று ஓயாமல் கேட்கும் இந்த ஆசைக்குப் பெயர் பைக்கா. பல சமயம் காரணம் இரும்புச்சத்துக் குறைவுதான். இரும்பு குறைந்தால் மூளை மந்தமாகும், ஐஸின் குளிர்ச்சி சற்று விழிப்பூட்டும் என்பது ஒரு விளக்கம். ஆனால் சாக்பீஸுக்கு அது பொருந்தாது; அதில் இரும்பும் கிடையாது.

ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் உடலின் இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கலாம். அதை ஃபெரிட்டின் பரிசோதனைதான் காட்டும். டாக்டர் சொல்லி இரும்பு மாத்திரை தொடங்கினால், ரத்த அளவு ஏறும் முன்பே ஆசை அடங்கிவிடுவதுண்டு. அப்புறம், மாத்திரையை டீயோடு விழுங்காதீர்கள்; இரும்பு சரியாகச் சேராது.

– ஒரு வாசகி, பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்